உர் நகரத்து அடுக்குக் கோபுரம்: பச்சைக்கல்லும் ஓதமும் உச்சிப் படையலும்

தெற்கு ஈராக்கில், இன்றைய நாசிரியா நகரத்துக்கு அருகில், பாலைநிலத்தின் நடுவே ஒரு பெரிய செங்கல் மேடு நிற்கிறது. உர் என்ற சுமேரிய நகரத்தின் ஜிகுராட் என்னும் அடுக்குக் கோபுரம் அது. கி.மு. 2100-ஐ ஒட்டிக் கட்டப்பட்டு, பல முறை பழுதடைந்து, பல முறை பழுதுபார்க்கப்பட்ட கட்டடம். மண்ணை மலைபோல் குவித்து அதன் உச்சியில் ஒரு தெய்வத்துக்கு வீடு கட்டினால் என்னென்ன சிக்கல் வரும், அதைக் கட்டியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இந்த ஒரு கட்டடத்தை வைத்தே பார்த்துவிடலாம். கட்டச் சொன்ன அரசர்களின் பெயர் பல செங்கல்களில் இருக்கிறது. மண் மிதித்தவர்கள், கல் அறுத்தவர்கள், கூடை சுமந்தவர்கள் யாருடைய பெயரும் அவற்றில் இல்லை. ஆனால் இங்கே பேசப்போகும் முடிவுகளில் பாதிக்கு மேல் அந்தக் கைகள் எடுத்தவை.

பின்னணி

உர் நகரத்தின் காவல் தெய்வம் நன்னா, நிலாக்கடவுள். ஊர்-நம்மு என்ற அரசர் கி.மு. 2112 வாக்கில் ஆட்சிக்கு வந்தபோது நன்னாவின் கோயில் வளாகத்தைப் புதிதாக எடுத்துக் கட்டத் தொடங்கினார். அதன் மையம்தான் இந்தக் கோபுரம். அடித்தளம் ஏறக்குறைய 62 மீட்டர் நீளம், 43 மீட்டர் அகலம். நான்கு மூலைகளும் நான்கு திசைகளை நோக்கியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று அடுக்குகள். கீழடுக்கு மட்டும் சுமார் 11 மீட்டர் உயரம். வடகிழக்கு முகத்தில் மூன்று படிக்கட்டுகள்; ஒன்று நேராக ஏறுகிறது, மற்ற இரண்டும் சுவரை ஒட்டி இரு பக்கமிருந்து ஏறி வருகின்றன. மூன்றும் மேலே ஒரே வாசலில் சேரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எகிப்தியப் பிரமிடுக்குள் இருப்பதுபோல இதற்குள் கல்லறையோ அறையோ எதுவும் இல்லை. முழுக்க முழுக்கத் திண்ணம். ஆகவே இதை ஒரு மாபெரும் பீடமாகப் பார்ப்பதே சரி. கோயில் உச்சியில் மட்டும்தான் இருந்தது. உள்ளே யாரும் போகவே முடியாத இந்தத் திண்ணத்தில்தான் பிரச்சினை முழுவதும் ஒளிந்திருந்தது.

பொருளைத் தேர்ந்த விதம்

உர் இருக்கும் தெற்கு மெசொப்பொத்தேமியா ஆற்று வண்டல் சமவெளி. கட்டுமானக் கருங்கல் கிடையாது, நல்ல மரமும் கிடையாது. வண்டல் மண், நாணல், வைக்கோல் மூன்றும்தான் வேண்டிய மட்டும் கிடைக்கும். சுட்ட செங்கல் செய்யத் தெரியாமல் இல்லை. ஆனால் சூளைக்கு விறகு வேண்டுமே! நாணல், முள்செடி, சாணம் என்று கிடைத்ததை எரித்துத்தான் சுட வேண்டும். ஒரு முழுக் கோபுரத்தையும் சுட்ட செங்கல்லில் எழுப்ப அந்த நிலத்தில் எரிபொருள் போதாது.

அதனால் எடுத்த முடிவு இது: உள்மையம் முழுவதும் சுடாமல் வெயிலில் காய்ந்த பச்சைக்கல், வெளியே மட்டும் சுமார் இரண்டரை மீட்டர் கனத்துக்குச் சுட்ட செங்கல் உறை. அந்த உறையில் சாந்துக்குப் பதிலாக நிலக்கீல் வைத்து ஒட்டினார்கள். நிலத்தில் தானாக ஊறி வரும் தார்தான் அது. யூப்ரடீஸ் கரையில் ஹீத் என்ற இடம் அதற்குப் பேர்போனது. தண்ணீர் புகாத சாந்து வேண்டுமென்றால் அன்றைக்கு அதைவிட நல்லது வேறு இல்லை.

பச்சைக்கல் அறுக்கும் வேலைக்குச் சுமேரியர்கள் ஆண்டில் ஒரு மாதத்தையே ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாம் மாதத்துக்குச் செங்கல் அச்சின் பெயர். அது நம் கணக்கில் மே கடைசியும் ஜூனும். வெள்ளம் வடிந்திருக்கும், அறுவடை முடிந்து வைக்கோல் கையில் இருக்கும், வெயில் ஏறியிருக்கும். மண்ணில் தண்ணீரும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துக் காலால் மிதித்து, அடி இல்லாத மரச்சட்டத்தில் அடைத்து, சட்டத்தை உருவிவிட்டுக் காயப்போடுவார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பி நிறுத்த வேண்டும். வைக்கோல் கல்லுக்குப் பலம் கொடுப்பதைவிட முக்கியமான ஒரு வேலையைச் செய்கிறது. களிமண் காயும்போது சுருங்கும். வைக்கோல் அந்தச் சுருக்கத்தைப் பரவலாகப் பிரித்துவிடுவதால் ஒரே இடத்தில் பெரிய வெடிப்பு விழாது.

அந்தக் காலத்துக் களிமண் கணக்குப் பலகைகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 240 கல் அறுக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். கீழடுக்கின் சுட்ட செங்கல் உறைக்கு மட்டும் ஏறக்குறைய 7,20,000 கல் தேவைப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உறைக்கான கல்லை அறுக்க மட்டும் நூறு பேருக்கு ஒரு மாதம். மண் வெட்டுவது, சுமப்பது, சுடுவது, தார் காய்ச்சுவது, கட்டுவது எல்லாம் தனி. உள்மையப் பச்சைக்கல் இதைப்போலப் பல மடங்கு.

முதல் கல்

வேலை தொடங்குவதே ஒரு சடங்குதான். ஊர்-நம்முவின் பெரிய கல்தூண் ஒன்று உடைந்த நிலையில் உரில் கிடைத்தது. அதில் அரசர் தெய்வத்தின் முன் நீர் வார்க்கிறார். தெய்வம் அளவுகோலையும் கயிற்று வளையத்தையும் நீட்டுகிறது. கீழே அரசர் தோளில் கொத்தனாரின் கருவிகளைச் சுமந்து நடக்கிறார். அஸ்திவாரத்தில் புதைக்க வார்த்த செப்புச் சிலைகளிலும் அரசர் தலையில் மண்கூடையோடு நிற்கிறார்.

ஊர்-நம்முவுக்குச் சற்று முந்திய லகாஷ் நகர ஆட்சியாளர் குடியா, கோயில் கட்டியபோது முதல் கல்லைத் தானே அறுத்ததை நீண்ட பாடலாக எழுதி வைத்திருக்கிறார். மண்ணில் தேனும் நெய்யும் வாசனைப் பொருளும் கலந்து அச்சில் அடைக்கிறார். மறுநாள் கல்லை அச்சிலிருந்து எடுத்து வெயிலில் வைக்கிறார். சூரியன் மகிழ்ந்தான் என்கிறது பாடல். பிற்காலத்தில் பாபிலோன் அரசர் நபோபோலசரும் தன் நகரக் கோபுரத்துக்காக அரச உடையைச் சுருட்டிக்கொண்டு கல்லும் மண்ணும் தலையில் சுமந்ததாகவும், மகன் நெபுகாத்நேசரையும் கூலியாட்களோடு சுமக்க வைத்ததாகவும் எழுதுகிறார்.

இதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் கல் சரியாகக் காய்ந்து வெடிப்பில்லாமல் வெளியே வந்தால் மண் கலவையும் பருவமும் சரி என்று பொருள். தேனுக்கும் நெய்க்கும் அங்கே என்ன பலன் என்று கேட்டால் தெய்வத்துக்கு என்பார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கல்லை எல்லார் முன்னிலையிலும் அறுத்து, காத்திருந்து, தூக்கிப் பார்க்கிற பழக்கம் கட்டுமானத்துக்கும் உதவியிருக்கும்.

உள்ளே தங்கிய ஈரம்

பச்சைக்கல் காய்ந்துதான் மேலே போகிறது. அதை ஒட்டும் சாந்து ஈரமண். ஒவ்வொரு வரிசையோடும் தண்ணீர் உள்ளே போகிறது. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழடுக்கின் உள்மையம் இருபதாயிரம் கனமீட்டருக்கு மேல் வரும். அதில் ஆறில் ஒரு பங்கு சாந்து, சாந்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலே உள்ளே போன நீர் பத்து லட்சம் லிட்டருக்குக் குறையாது. மேல்புறத்திலும் பக்கத்திலும் ஒரு சாண், இரண்டு சாண் ஆழம் காய்ந்துவிடும். நடுவில் இருபது மீட்டர் உள்ளே இருப்பது எப்போது காயும்?

இப்போது இதைச் சுற்றித் தார் வைத்த சுட்ட செங்கல் உறை போட்டாயிற்று. மழையை வெளியே நிறுத்த வந்த உறை, உள்ளே இருக்கும் ஓதத்தையும் வெளியே விடாது. ஈரக் களிமண் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் அடுத்த அடுக்கின் பாரமும் இறங்கும்போது, ஈரமான உள்மையம் பக்கவாட்டில் பிதுங்கி உறையை வெளியே தள்ளும்.

இதற்குக் கட்டியவர்கள் இரண்டு ஏற்பாடு செய்தார்கள். முதலாவது, சுவர்களை உள்நோக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். உள்ளிருந்து வரும் தள்ளலுக்கு எதிராக உறையின் எடையே சாய்ந்து நிற்கும். இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. உறை முழுக்க, சீரான இடைவெளியில், செங்குத்தான குறுகலான துளைகள் விட்டிருக்கிறார்கள். அவை உறையை ஊடுருவி உள்ளே பச்சைக்கல் வரை போகின்றன. ஓதம் அந்த வழியாக வெளியே வரும். இன்றைக்கு மலைச்சாலைகளில் தாங்குசுவர் கட்டும்போது நடுநடுவே குழாய் விடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

1922 முதல் 1934 வரை உர் நகரத்தை அகழ்ந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி இந்தத் துளைகளைப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தார். காய்ந்த கல்லால் கட்டிய கோபுரத்துக்கு வடிகால் எதற்கு? மேல் அடுக்குகளில் மரம் நட்டு நீர் பாய்ச்சியிருக்க வேண்டும், அந்த நீர் வடியத்தான் துளை என்றார். பசுமையான மாடிகள் கொண்ட கோபுரப் படங்கள் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாந்தோடு உள்ளே போகும் தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மரங்கள் இல்லாமலே துளைகளுக்குத் தேவை வந்துவிடுகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று அப்படித்தான் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

உச்சியில் நடந்தது

உர் கோபுரத்தின் மேல் அடுக்கும் அதன் கோயிலும் அழிந்துபோயின. ஆனால் கீழே சுற்றியிருந்த கட்டடங்களே நிறையச் சொல்கின்றன. நன்னாவின் மனைவி நிங்கலின் கோயிலும், நன்னாவின் தலைமைப் பூசாரிணியின் இல்லமும் சேர்ந்த கிபாரு என்ற வளாகத்தில் ஒரு முழு அடுக்களை கிடைத்தது. கிணறு, அடுப்பு, இறைச்சி வெட்டிய கத்தித் தடம் பதிந்த செங்கல் மேசை எல்லாம் அப்படியே இருந்தன. தெய்வத்துக்கு வேளாவேளைக்கு உணவு படைப்பதுதான் இங்கே வழிபாட்டின் மையம். மாதத்தில் நிலாவின் நிலையை ஒட்டிய நாட்களில் பெரிய படையல்.

உச்சியில் என்ன செய்தார்கள் என்பதை வரிக்கு வரி சொல்லும் பலகை பக்கத்து நகரமான உருக்கிலிருந்து வருகிறது. காலம் மிகவும் பிந்தியது, கிரேக்க செலூசிட் அரசர்கள் ஆண்ட நாட்கள். ஆனால் அது ஒரு பூசாரி இன்னொரு பூசாரிக்கு எழுதி வைத்த நடைமுறைக் குறிப்பு என்பதால் அதற்கு நிகரான சான்று வேறு இல்லை.

இரவின் முதல் சாமம். கோபுர உச்சிக் கோயிலின் கூரையில் பூசாரி காத்திருக்கிறார். வானக்கடவுள் அனுவின் விண்மீனும் அவர் மனைவி அன்துவின் விண்மீனும் வெளிப்பட்டதும் அவற்றைப் புகழ்ந்து பாடுகிறார். பொன் மேசை போட்டு, கைகழுவ நீர் வைத்து, மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் பறவை இறைச்சியும் படைக்கிறார். முதல்தரப் பீர், திராட்சை மது, தோட்டத்துப் பழங்கள் எல்லாம் உண்டு. பொன் தூபக்காலில் தேவதாருச் சீவலும் மாவும் தூவுகிறார். அப்புறம் வாசனைப் பொருள் தூவி எண்ணெயில் தோய்த்த ஒரு பெரிய தீவட்டியை ஏற்றுகிறார். அந்தத் தீ கோபுரத்திலிருந்து இறங்கி முற்றத்துக்கு வருகிறது. அங்கே விறகுக் குவியலை மூட்டுகிறார்கள், காளை பலி நடக்கிறது. மற்றக் கோயில்களின் பூசாரிகள் அதிலிருந்து தங்கள் கோயில்களுக்குத் தீ எடுத்துப் போகிறார்கள். நகர மக்கள் தத்தம் வீடுகளில் தீ ஏற்றிப் படையல் வைக்கிறார்கள். காவலர்கள் தெருமுனைகளில் மூட்டிய தீ விடியும்வரை எரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது மக்கள் நின்ற இடம். மேலே ஏறுவோர் சில பூசாரிகள் மட்டுமே. உச்சியில் நடப்பது கீழே உள்ள யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் இருட்டில் அவ்வளவு உயரத்தில் ஒரு தீ தோன்றி இறங்கி வருவதை ஊரே பார்க்கும்.

பாபிலோன் கோபுரத்தைப் பற்றி கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸ் வேறொன்று சொல்கிறார். உச்சிக் கோயிலில் சிலை இல்லை; பெரிய கட்டிலும் பொன் மேசையும் மட்டுமே; தெய்வம் தேர்ந்த ஒரு பெண் அங்கே இரவு தங்குவாள் என்கிறார். பெண்ணைப் பற்றிய செய்தியை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன். கட்டில் பொய்யில்லை. அந்தக் கோபுரத்தின் அளவுகளைத் தரும் ஆப்பெழுத்துப் பலகையிலேயே ஒன்பது முழ நீளம், நான்கு முழ அகலக் கட்டில் ஒன்று வருகிறது.

தொடர்ந்து நடந்தவை

உர் கோபுரத்தை ஊர்-நம்மு முடிக்கவில்லை. மகன் ஷுல்கி முடித்தார். கட்டி ஒரு நூற்றாண்டு ஆவதற்குள், கி.மு. 2004 வாக்கில், கிழக்கேயிருந்து வந்த ஏலாமியர் நகரத்தைச் சூறையாடி அரசரைச் சிறைபிடித்துப் போனார்கள். கோபுரம் நின்றது. பின்வந்த அரசர்கள் சுற்றுக்கட்டடங்களை மறுபடி மறுபடி எடுத்துக் கட்டினார்கள். மேலடுக்குகள் மட்டும் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன. பச்சைக்கல் கட்டடத்தில் எப்போதும் இதுதான் வரிசை. மேல்தளத்தில் முதலில் வெடிப்பு, வெடிப்பில் மழைநீர், உறைக்குப் பின்னால் ஓதம், கடைசியில் உறை பிதுங்கி விழும். உறை போனபின் உள்மையம் வெறும் மண்மேடு.

பழுதுபார்ப்பு

கி.மு. 554 செப்டம்பரில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. பாபிலோனின் கடைசி அரசர் நபோனிடஸ் நிலாக்கடவுளிடம் தனிப் பற்றுடையவர். அந்தக் கிரகணத்தை, தெய்வம் தலைமைப் பூசாரிணி ஒருவரைக் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு, தன் மகளையே உரில் அந்தப் பதவியில் அமர்த்தினார். கோபுரத்தையும் கையில் எடுத்தார்.

தெய்வத்தின் வீட்டை இடித்துக் கட்டுவது லேசான காரியமாக இருக்கவில்லை. இதற்கான சடங்கு உருக்கின் பூசாரிப் பலகைகளில் இருக்கிறது. கோயில் சுவர் சரிந்தால், கட்டுபவர் தூய உடை உடுத்தி, கையில் வெள்ளீய வளை அணிந்து, ஈயக் கோடாலியால் பழைய சுவரின் முதல் கல்லைப் பெயர்த்து, யாரும் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். ஒப்பாரி பாடும் பூசாரி அந்தக் கல்லுக்கு முன் புலம்பல் பாடுவார். தேன், நெய், பால், பீர், மது படைக்கப்படும். புதிய அஸ்திவாரம் எழும்வரை புலம்பல் நிற்காது.

நபோனிடஸின் முடிவு தெளிவானது. அஸ்திவாரத்தை மாற்றவில்லை. பழைய கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, ஊர்-நம்மு தொடங்கி ஷுல்கி முடித்த கதையை அவற்றிலிருந்தே அறிந்து, அதே அடித்தளத்தின் மேல் தாரும் சுட்ட செங்கல்லும் வைத்துப் பழுதுபார்த்ததாகச் சொல்கிறார். இதை எழுதிய களிமண் உருளைகளை நான்கு மூலைகளிலும் புதைத்தார். 1854-இல் ஜே. ஈ. டெய்லர் தோண்டியபோது அந்த மூலைகளிலேயே அவை கிடைத்தன. விவிலியத்தில் வரும் பெல்ஷாத்சார் அந்த உருளைகளில் நபோனிடஸின் மகனாக வருகிறான். உச்சிக் கோயிலைச் சேர்ந்தவை என்று கருதப்படும் நீல மெருகுச் செங்கல்களும் பின்னர் வூலியின் அகழ்வில் கிடைத்தன.

மற்றவர்கள் மாற்றிச் செய்தவை

உரில் இருந்த குறையைப் பிற கோபுரங்கள் வெவ்வேறு விதமாகச் சரிசெய்ய முயன்றன. பாக்தாதுக்கு மேற்கே, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த துர்-குரிகல்சு கோபுரத்தில் ஏழு முதல் ஒன்பது வரிசைக்கு ஒரு முறை நாணல் பாய் விரித்திருக்கிறார்கள். கோபுரத்தின் குறுக்கே, முறுக்கிய நாணல் வடங்களும் ஓடுகின்றன. பாய் அடுக்கு பாரத்தைச் சமமாகப் பரப்பும், வெடிப்பு மேலே தொடராமல் நிறுத்தும், ஓதத்தைப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவரும். வடங்கள் பிதுங்கலை இழுத்துப் பிடிக்கும். சுட்ட செங்கல் உறை இன்று அங்கே இல்லை. ஆனாலும் உள்மையம் 50 மீட்டருக்கு மேல் தனியாக நிற்கிறது. எனக்குத் தெரிந்தவரை இந்த முறைக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

பாபிலோன் வேறு வழியில் போனது. 91 மீட்டர் சதுரக் கோபுரத்துக்கு 15 மீட்டர் கன உறை. ஓதத்துக்கு அது ஈடுகொடுத்திருக்கும். ஆனால் சுட்ட செங்கல் எல்லாருக்கும் வேண்டிய பொருள். அலெக்சாந்தர் மறுபடி கட்டும் எண்ணத்தில் இடிபாட்டை அகற்ற ஆள் வைத்தார்; அவர் இறந்ததும் வேலை நின்றது. பின்வந்தவர்கள் செங்கல்லுக்காக உறையைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். கோபுரம் நின்ற இடத்தில் இன்று உறையின் வடிவத்தில் நீர் தேங்கிய சதுரப் பள்ளம்தான் இருக்கிறது. உர் தப்பியதற்கு ஒரு காரணம் ஆறு விலகிப்போய் நகரமே காலியானது. செங்கல் தேவைப்படுவோர் பக்கத்தில் இல்லை.

உரின் கீழடுக்கு முகப்பும் படிக்கட்டுகளும் 20-ஆம் நூற்றாண்டில் ஈராக்கியத் தொல்லியல் துறையால் புதுப்பிக்கப்பட்டன. இன்று படத்தில் நாம் பார்க்கும் நேர்த்தியான சுவர் பெரும்பாலும் அதுதான். மேலே தெரியும் கரைந்த மண்தான் பழையது. மண் கட்டடங்களைக் காப்பவர்கள் இப்போது சிமெண்டுப் பூச்சைத் தவிர்க்கிறார்கள். தார் உறை செய்த அதே வேலையைத்தான் சிமெண்டும் செய்யும், ஓதத்தை உள்ளே அடைத்துவிடும். அடிச்சுவரில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்குமேல் பூச்சு உப்பி நின்றால் உள்ளே அது தொடங்கிவிட்டது என்று அறியலாம். அதனால் வைக்கோல் கலந்த மண்பூச்சையே பூசுகிறார்கள். மழை அதைக் கரைக்கும், உள்ளே இருக்கும் கல்லைத் தொடாது. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பூச வேண்டும்.